ஹெஸெல்லிஹ்: ஒல்லாந்தர் விட்டுப்போகாத சொல்

2004ஆம் ஆண்டில் லண்டனில் உள்ள மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று, மொழிவல்லுநர்கள் ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டு ஒரு பட்டியல் வெளியிட்டது. உலகிலேயே மொழிபெயர்க்கக் கடினமான பத்துச் சொற்கள் என்று பி.பி.சி. அதைச் செய்தியாக்கியது. காங்கோ நாட்டு மொழியொன்றின் சொல்லுக்கு முதலிடம். எட்டாம் இடத்தில் நம் தமிழ்! எந்தச் சொல் என்கிறீர்கள்? ‘செல்லாதிருப்பவர்’. அனுமதி இல்லாமல் வேலைக்கோ பள்ளிக்கோ வராமல் இருப்பதைக் குறிக்கும் அபூர்வச் சொல்லாம். நாம் அந்த ஆளை மட்டம் போடுகிறவர் என்போம், டிமிக்கி கொடுக்கிறவர் என்போம். செல்லாதிருப்பவர் என்று யாரும் யாரையும் அழைத்ததாகத் தெரியவில்லை.

இப்படியொரு பட்டியலை எவ்வளவு நம்புவது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதில் ஆறாவதாக இருந்த டச்சுச் சொல் உண்மையிலேயே மொழிபெயர்ப்பவரைத் திணறடிக்கக்கூடியது. ஹெஸெல்லிஹ். நாலு பேர் கூடி இருக்கையில் உண்டாகும் மனநிறைவையும், அது உண்டாகும் இடத்தையும், அதை உண்டாக்கும் ஆளையும் நெதர்லாந்துக்காரர்கள் இந்த ஒரே சொல்லால் குறிப்பார்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது ஹெஸெல்லிஹ்ஹெய்ட். முதல் எழுத்தின் ஒலி தொண்டையைச் செருமுவதுபோல் வரும் என்று பயந்துபோன வெளிநாட்டார் எழுதுவார்கள். நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ‘பகல்’ என்று சொல்லும்போது நடுவில் வரும் ககரம் அழுந்தாமல் உரசிக்கொண்டு போகிறதே, அதைக் கொஞ்சம் அழுத்தி, சொல்லின் முதலில் வைத்தால் ஏறக்குறைய வந்துவிடும்.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர் அல்லர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் கடை விரித்தவர்கள். யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டவர்கள். இலங்கைத் தமிழில் அவர்களுக்கு ஒல்லாந்தர் என்று பெயர். போகும்போது சில சொற்களை விட்டுப் போனார்கள். அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் கந்தோர், மேசை இழுப்பறைக்குச் சொல்லும் இலாச்சி, நாம் செலவழிக்கும் துட்டு, எல்லோரும் அறிந்த கக்கூஸ் எல்லாம் டச்சிலிருந்து வந்தவை. உத்தியோகம், காசு, கழிப்பறை வரைக்கும் தந்தவர்கள் ஹெஸெல்லிஹ்ஹெய்ட்டைத் தரவில்லை. கந்தோரில் சந்திக்கிற ஆளும் அதிகாரியோடு யார்தான் உட்கார்ந்து சிரித்துப் பேசியிருக்கப் போகிறார்கள்!

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் பாதி விளங்கும். டச்சில் ஹெஸெல் என்றால் கூட்டாளி. தொழிற்குழுக்கள் கோலோச்சிய காலத்தில் தச்சு, கொல்லு போன்ற வேலைகளைக் கற்கப் போகிறவன் முதலில் எடுபிடி மாணவனாக இருப்பான். வேலை படிந்ததும் ஹெஸெல் ஆவான். இறுதியில்தான் மேஸ்திரி. இந்த நடுப்படியில் இருந்தவர்கள் ஒன்றாக வேலை செய்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இன்னும் பின்னால் போனால், ஹெஸெல் என்பதன் வேரில் கூடத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல் இருக்கிறது. ஒரே கூடத்தில் தங்குகிறவன் என்பது பொருள். அந்தக் கூடம் இன்றைய டச்சில் ‘ஸால்’ என்று வழங்குகிறது. தமிழ்க் காதுக்கு இது விந்தையாகப் படாது. கூடு, கூடம், கூட்டம், கூட்டாளி என்று நமக்கும் ஒரு வரிசை இருக்கிறதே.

வாழ்க்கைத்துணை என்று நாம் சொல்வதற்கு டச்சில் அப்படியே ‘வாழ்வின் ஹெஸெல்’ என்று பொருள்படும் சொல் உண்டு. கல்யாணமாகாத ஆளுக்கு ‘சுதந்திர ஹெஸெல்’. ஆக, அடிநாதம் துணை. மெழுகுவத்தியும் மெத்தை நாற்காலியும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. டென்மார்க்காரர்களின் ‘ஹூகெ’ என்ற சொல் பத்தாண்டுகளுக்கு முன் புத்தகக் கடைகளில் சக்கைப்போடு போட்டதே, அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். போர்வைக்குள் சுருண்டு தனியே புத்தகம் படிப்பதும் ஹூகெதான். ஹெஸெல்லிஹ்ஹெய்ட்டுக்குப் பெரும்பாலும் இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த நாட்டில் இது எப்படி நடைமுறையாகிறது என்று பார்த்துவிட்டுத் தமிழுக்கு வருவோம். டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். காலை எட்டே முக்காலுக்குத்தான் மறுபடி தலைகாட்டும். வெளியே மழையும் காற்றும். அங்கே நாலு பேர் சேர்ந்திருப்பது நான்கு சுவருக்குள்தான் நடக்க முடியும். அதனால் அறை, விளக்கு, மேசை எல்லாம் இந்தச் சொல்லுக்குள் வந்து புகுந்துகொண்டன. ‘பழுப்பு கஃபே’ என்று அவர்கள் அழைக்கும் பழைய மதுக்கடைகள் இதன் கோயில்கள். மர வேலைப்பாடு, தாழ்வான மஞ்சள் வெளிச்சம், சில இடங்களில் மேசை மேலேயே விரித்த சின்னக் கம்பளம். தலைமுறை தலைமுறையாகப் படிந்த புகையிலைப் புகையால் சுவர்கள் பழுப்பேறிப்போனதால் வந்த பெயர் என்பார்கள். 2008இல் கடைகளுக்குள் புகைக்கத் தடை வந்துவிட்டது. பழுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

பிறந்தநாள் கொண்டாட்டம் இன்னும் சுவையானது. வீட்டின் நடுவறையில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். வருகிறவர் பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்திவிட்டு உட்கார முடியாது. வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்து, ‘உங்கள் சகோதரிக்காக வாழ்த்துகள்’, ‘உங்கள் மருமகனுக்காக வாழ்த்துகள்’ என்று உறவு சொல்லி வாழ்த்த வேண்டும். யாருக்குப் பிறந்தநாளோ அவரைச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளும் எல்லோருக்குமே அன்றைக்கு வாழ்த்துப் பெறும் உரிமை உண்டு. பிறகு காப்பி, ஒரு துண்டு கேக். கொஞ்ச நேரம் கழித்து மது, பாலாடைக்கட்டித் துண்டுகள். எல்லாம் முன்கூட்டியே நாள் குறித்து, நேரம் குறித்து நடப்பவை. சொல்லாமல் கொள்ளாமல் மாலை ஆறு மணிக்கு, அவர்கள் சாப்பிட உட்காரும் வேளையில், போய்க் கதவைத் தட்டினால் முகம் மலர்வது சந்தேகம். நம் வீடுகளில் எதிர்பாராமல் வந்து நிற்கும் விருந்தாளிதான் பாதி சந்தோஷம். அவர்களுக்கு எதிர்பார்த்து வருபவர்.

இந்த வட்ட நாற்காலிக் கொண்டாட்டத்தை டச்சுக்காரர்களே கிண்டல் செய்வார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் அமர்ந்த ஒன்றுவிட்ட சித்தப்பாவிடம் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டவருக்கு அது ‘ஒன்ஹெஸெல்லிஹ்’, அதாவது எதிர்ப்பதம். ஆனாலும் விடைபெறும்போது அவரும் வாசலில் நின்று ஹெஸெல்லிஹ் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பெரும்பாலும் இந்தச் சொல் ஆங்கிலத்தின் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. ஆங்கில அகராதி சொல்லும் பொருளை வைத்துக்கொண்டு மூன்று தமிழ்ச் சொற்களில் ஒன்றை எடுத்துப் பொருத்திவிடுவார்கள். மூன்றுமே காலை வாரும்.

முதலாவது ‘வசதியான’. வசதியான வீடு என்றால் தமிழில் பணக்கார வீடு, இல்லையென்றால் தண்ணீர், மின்சாரம், வண்டி நிறுத்த இடம் எல்லாம் உள்ள வீடு. வசதியான குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். ஹெஸெல்லிஹ் வீடு பெரும்பாலும் சின்ன வீடு. சாமான்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். பெரிய, பளிங்குத் தரை போட்ட, வெள்ளை விளக்கு எரியும் கூடத்தைப் பார்த்து ஒரு டச்சுக்காரர் ஒன்ஹெஸெல்லிஹ் என்று முகம் சுளிக்கலாம். நம் கணக்கில் அதுதான் வசதி.

இரண்டாவது ‘கதகதப்பு’. இது மிகவும் ஆசை காட்டும் சொல். ஆனால் வெப்பநிலையை நல்லுணர்வாக ஆக்குவது குளிர்நாட்டு வழக்கம். நமக்கு நல்லதெல்லாம் குளிரும். கண் குளிரப் பார்ப்போம், மனம் குளிர வாழ்த்துவோம், காது குளிரக் கேட்போம். சூடு என்றால் கோபம் அல்லது காய்ச்சல். சித்திரை மாதத்து மதுரையில் இருந்துகொண்டு ‘விருந்து கதகதப்பாக இருந்தது’ என்று படிக்கும் வாசகர், மின்வெட்டு போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்.

மூன்றாவது ‘இதமான’. பிழை இல்லை, ஆனால் ஆள் இல்லை. இதம் காற்றில் இருக்கும், ஒத்தடத்தில் இருக்கும், பேச்சின் தொனியில் இருக்கும். கூட்டாளி அதற்குள் இல்லை. ஹெஸெல் இல்லாத ஹெஸெல்லிஹ் ஆகிவிடுகிறது.

பொருந்துகிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. விருந்து முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் ஆளின் வாயில் அந்த வாக்கியத்தை வைத்துப் பாருங்கள். ‘ரொம்ப வசதியா இருந்துச்சு, வரேன்.’ ‘ரொம்ப இதமா இருந்துச்சு, வரேன்.’ எந்தத் தமிழரும் இப்படிச் சொல்லிவிட்டு வாசல் தாண்டமாட்டார்.

அப்படியானால் ஒரு டச்சு மாலையை எடுத்துத் தமிழில் முழுதாகப் பேசிப் பார்ப்போம். ஊட்ரெக்ட் நகரில் ஒரு பெண் தன் சகோதரிக்குத் தொலைபேசியில் அழைக்கிறாள். இங்கேயே முதல் சிக்கல். டச்சில் சகோதரிக்கு ஒரே சொல்தான். அக்காவா தங்கையா என்று மூலம் சொல்லாது, மொழிபெயர்ப்பவர் தீர்மானிக்க வேண்டும். அழைப்பவள் தங்கை, மறுமுனையில் அக்கா என்று வைத்துக்கொள்வோம்.

‘சனிக்கிழமை சாயங்காலம் வரட்டுமா?’ என்கிறாள் தங்கை. அக்கா பதிலுக்கு ஒற்றைச் சொல் சொல்கிறாள்: ஹெஸெல்லிஹ்! டச்சில் அது வரவேற்பு, சம்மதம், மகிழ்ச்சி மூன்றும். தமிழ் அக்கா என்ன சொல்வாள்? ‘வா வா, இதெல்லாமா கேட்டுக்கிட்டு!’ உரிச்சொல்லுக்கு ஈடாக நம்மிடம் ஏவல் வினை, அதுவும் அடுக்குத்தொடராக.

சனிக்கிழமை தங்கை வந்து உள்ளே நுழைகிறாள். ஜன்னலோரம் சின்னச் சின்ன மெழுகு விளக்குகள், மேசையில் பூ. சுற்றிப் பார்த்து, ‘எவ்வளவு ஹெஸெல்லிஹ் ஆக்கியிருக்கிறாய்!’ என்கிறாள். தமிழில்: ‘வீடே களையா இருக்கேக்கா!’ முகத்துக்குக் களை உண்டு, கல்யாண வீட்டுக்குக் களை உண்டு, விழாவும் களைகட்டும். மனிதர்களையும் இடத்தையும் ஒன்றாகத் தழுவும் சொல் தமிழில் இருக்கிறது என்றால் அது இதுதான்.

அக்கா வீட்டுக்காரர் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார். ஆனாலும் கேக் வரும்போது தட்டை நீட்டி, ‘ஹெஸெல்லிஹ்ஹெய்ட்டுக்காக’ என்கிறார். பசிக்காக இல்லை, மற்றவர்கள் சாப்பிடும்போது சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக. இந்தப் பயன்பாடு டச்சில் சர்வ சாதாரணம். நம் ஊரில் இந்த இடத்தில், ‘சும்மா, ஒரு கம்பெனிக்கு’ என்பார்கள். தூய தமிழ்தான் வேண்டுமென்றால் ‘துணைக்கு’. கடைக்குப் போகிறவரோடு எந்த வேலையும் இல்லாமல் கூடப் போவதையும் நாம் துணைக்குப் போவது என்றுதானே சொல்கிறோம். ஹெஸெலின் பழைய பொருள் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும் இடம் இது.

சற்று நேரத்தில் அவர் கைப்பேசியை எடுத்துத் தலை குனிந்துவிடுகிறார். அக்கா கடிந்துகொள்கிறாள்: ‘ஒன்ஹெஸெல்லிஹ் ஆக இருக்காதே!’ தமிழ் மனைவி, ‘என்ன, உம்முன்னு உட்கார்ந்திருக்கீங்க? நாலு வார்த்தை பேசுங்களேன்’ என்பாள். எதிர்ப்பதம் என்று வந்தால் நம் மொழி வள்ளல். ஆளுக்கு உம்மணாமூஞ்சி, சிடுமூஞ்சி. இடத்துக்கு வெறிச்சென்று இருக்கிறது, வெறிச்சோடிக் கிடக்கிறது. பிள்ளைகள் விடுமுறை முடிந்து ஊருக்குப் போன மறுநாள் தாத்தா பாட்டி வீடு எப்படி இருக்கும் என்பதை ‘வெறிச்’ என்ற சொல்லைவிட நன்றாக ஒன்ஹெஸெல்லிஹ் சொல்லிவிடாது.

வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் கடைசி நிமிடத்தில் வரவில்லை என்று தகவல் அனுப்புகிறார். தங்கை உதட்டைச் சுழித்து, ‘ரொம்ப ஹெஸெல்லிஹ்’ என்கிறாள். கிண்டல். டச்சில் இதைக் குத்தலாகவும் சொல்வார்கள். தமிழில் அதே சுழிப்போடு, ‘ரொம்ப நல்லா இருக்கு போ!’

பத்தரை மணிக்குத் தங்கை எழுந்திருக்கிறாள். அக்கா பிடித்துவைக்க முயல்கிறாள். டச்சில் இதற்குப் பழமொழியே உண்டு: ஹெஸெல்லிஹ்ஹெய்ட்டுக்கு நேரம் காலம் தெரியாது. அக்கா அதைச் சொல்கிறாள். தமிழில், ‘இருந்துட்டுப் போயேன், என்ன அவசரம்?’ கடைசியாக வாசலில் தங்கை சொல்லும் ‘ஹெஸெல்லிஹ் ஆக இருந்தது’ என்பதற்கு நம்மிடம் தயாராக ஒரு வாக்கியம் காத்திருக்கிறது: ‘பேசிக்கிட்டே இருந்ததில பொழுது போனதே தெரியலக்கா.’

ஒரே மாலையில் ஒரே சொல்லின் குடும்பம் ஏழு முறை வந்தது. தமிழில் ஏழு இடத்திலும் வெவ்வேறு பேச்சு. ஒவ்வொன்றும் நம் வாயில் ஏற்கெனவே இருப்பது. கதையோ நாடகமோ திரைப்பட வசனமோ மொழிபெயர்க்கிறவருக்கு இந்த வழி போதும். மூலத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே, அந்த ஓசை போய்விடுகிறதே என்று கேட்கலாம். போய்விடும்தான். டச்சுக்காரர்களுக்கு அந்தச் சொல் வாயில் தானாக வரும் பழக்கச் சொல், ஒவ்வொரு முறையும் அவர்கள் அதைத் தத்துவமாகச் சொல்வதில்லை. அதை வலிந்து காப்பாற்றப்போனால் பாத்திரங்கள் ஏதோ மந்திரம் ஜபிப்பதுபோல் ஆகிவிடும்.

கட்டுரையில்தான் சங்கடம். ‘ஹெஸெல்லிஹ்ஹெய்ட் டச்சுப் பண்பாட்டின் ஒரு கூறு’ என்று எழுத வேண்டி வந்தால் பெயர்ச்சொல் ஒன்று வேண்டும். கலகலப்பு என்பதைப் பலரும் முன்மொழிவார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கலகலப்பில் சத்தம் இருக்கிறது, சிரிப்பொலி இருக்கிறது. இரண்டு கிழவர்கள் அதிகம் பேசாமல் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பதும் ஹெஸெல்லிஹ்தான், அதைக் கலகலப்பு என்றால் சிரிப்பார்கள். அளவளாவல் நல்ல பழைய சொல். திருக்குறளில் சுற்றத்தைப் பேணுவது பற்றிய அதிகாரத்திலேயே இருக்கிறது. மனம் கலந்து பழகுவது என்ற பொருள் ஆழமாகப் பொருந்தும். ஆனால் இன்றைய செய்தித்தாள் தமிழில் தலைவர்கள் மாணவர்களுடன் அளவளாவி அளவளாவி அதன் வீட்டுத்தன்மையைத் தேய்த்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தாரிடம் இரண்டு அருமையான சொற்கள் இருக்கின்றன: பம்பல், முசுப்பாத்தி. ‘நேற்று நல்ல பம்பலா இருந்தது’ என்று அவர்கள் சொன்னால், கூடியிருந்து, கதைத்து, கேலி பண்ணி, சிரித்து இருந்தார்கள் என்று பொருள். விடைபெறும் ஆளின் சோதனையில் இது தடையின்றித் தேறும். அறைக்கும் விளக்குக்கும் வராது என்பது ஒரு குறை. தமிழகத்து வாசகருக்குப் பழக்கமில்லை என்பது இன்னொன்று, ஆனால் அது சொல்லின் குறை அல்ல.

என் தீர்ப்பு இதுதான். பேச்சாக வரும் இடத்தில் டச்சுச் சொல்லை மறந்துவிட்டு அந்த நேரத்தில் ஒரு தமிழர் என்ன சொல்வார் என்று கேட்டு எழுதுவது. நெதர்லாந்தைப் பற்றிய கட்டுரையில் ஹெஸெல்லிஹ்ஹெய்ட் என்று ஒருமுறை அப்படியே எழுதி, ‘கூடியிருக்கும் களை’ என்று விளக்கிவிட்டு, பிறகு களை என்றே தொடர்வது. கூடு என்பது ஹெஸெலுக்கும், களை என்பது விளக்குக்கும் சிரிப்புக்கும் ஈடு கொடுக்கும்.

இதைவிடப் பொருத்தமான சொல் ஏதாவது ஒரு வட்டார வழக்கில் இருக்கத்தான் செய்யும். கொங்கு நாட்டிலோ, நாஞ்சில் நாட்டிலோ, மட்டக்களப்பிலோ, நெதர்லாந்திலேயே பிள்ளை வளர்க்கும் ஈழத்தமிழர் வீடுகளிலோ விருந்து முடிந்து வாசலில் நின்று என்ன சொல்லிக்கொள்கிறீர்கள்? ஆசிரியருக்கு எழுதுங்கள். அகராதிச் சொல் வேண்டாம், உங்கள் வீட்டில் நிஜமாகச் சொல்வதை எழுதுங்கள்.